ரசீதா, மட்டமா, குழியா? கட்டம் கட்டமாகப் பணம் தரும் சாலை வேலையை எதைக் கொண்டு அளப்பது

பந்திங் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் வழியாக வீட்டு மனை வாங்கும்போது, மனைக்குப் போகும் சாலையையும் பெரும்பாலும் சங்கமே போட வேண்டியிருக்கிறது. மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் யாரும் கொடுப்பதில்லை. மண் நிரப்பி முடித்தால் ஒரு தொகை, கல் பரப்பி முடித்தால் ஒரு தொகை, தார் போட்டால் ஒரு தொகை, வடிகாலும் கோடும் முடிந்தால் மீதி என்று கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் குத்தகையாளர் ஓர் அளவை எழுதிக் கோரிக்கை அனுப்புகிறார். அந்த அளவு தரையில் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு சங்கத்தின் உள்தணிக்கைக் குழுவுக்கு வருகிறது. குழுவில் இருப்பவர்கள் பொறியாளர்கள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர், பழைய தோட்டக் கிராணி, கடை வைத்திருப்பவர் என்று நம்மைப் போன்றவர்கள்தாம். அப்படிப்பட்ட குழு எந்த வழியில் அளப்பது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. லாரி ரசீதுகளைக் கூட்டுவது ஒன்று. வேலைக்கு முன்னும் பின்னும் தரையின் மட்டத்தை எடுத்து வித்தியாசத்தைக் கணக்கிடுவது இன்னொன்று. போட்ட இடத்திலேயே குழி தோண்டியோ துளை மாதிரி எடுத்தோ தடிமனைப் பார்ப்பது மூன்றாவது. ட்ரோனைப் பறக்கவிட்டுப் படத்திலிருந்து கணக்கிடுவது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஆனால் எந்தக் கட்டத்துக்கு எது என்று பார்க்காமல் ஒரே வழியை எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொள்வதில்தான் பணம் போகிறது.

முதலில் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். அளவுப் பட்டியலில் கல் அடுக்குக்கு நேரே என்ன அலகு எழுதியிருக்கிறது? "உருட்டி இறுக்கிய நிலையில் கன மீட்டர்" என்று இருந்தால், லாரியில் வந்த டன்னை வைத்துப் பணம் கேட்க முடியாது. வேலை முடிந்த பின் மறு அளவை செய்து பணம் தருவதாக இருந்தால் தரையில் இருக்கும் அளவுக்குத்தான் பணம். மொத்தத் தொகை ஒப்பந்தமாக இருந்து, "கல் அடுக்கு முழுமையடைந்ததும் இத்தனை விழுக்காடு" என்று மட்டும் எழுதியிருந்தால் கேள்வி மாறுகிறது. அங்கே எத்தனை கன மீட்டர் என்பதைவிட, வரைபடத்தில் காட்டிய அகலமும் தடிமனும் வந்துவிட்டனவா என்பதே கேள்வி. வரவில்லை என்றால் அந்தக் கட்டம் முடியவில்லை. இரண்டிலும் அளக்கத்தான் வேண்டும். அளந்த பிறகு எழுதும் முடிவுதான் வேறு.

ரசீது என்ன சொல்லும், என்ன சொல்லாது

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எடைமேடை ரசீதின்மேல் இயல்பாகவே நம்பிக்கை உண்டு. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஆலை வாசலில் எடை போட்டு உள்ளே போகிறது, வெறும் லாரியாக எடை போட்டு வெளியே வருகிறது, வித்தியாசத்துக்குப் பணம். அங்கே அது சரியான அளவை, ஏனென்றால் விற்பது எடையைத்தான். சாலையில் நாம் வாங்குவது எடை அல்ல. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட தடிமனில், இறுக்கி உருட்டிய அடுக்கை வாங்குகிறோம். ரசீது குவாரி வாசலைத் தாண்டிய கல்லுக்குச் சாட்சி. அந்தக் கல் நம் சாலைக்குத்தான் வந்தது என்பதற்கோ, வந்த பின் எங்கே பரப்பப்பட்டது என்பதற்கோ அது சாட்சி ஆகாது.

மண் நிரப்பில் ரசீது இன்னும் மோசம். செம்மண் பெரும்பாலும் எடை போட்டு வருவதில்லை. லாரிப் பெட்டியின் கொள்ளளவை வைத்து எண்ணுகிறார்கள். வெட்டி ஏற்றும்போது மண் உப்பிவிடும், உருட்டும்போது சுருங்கிவிடும். பத்து கன மீட்டர் லாரி 300 தடவை வந்தால் 3,000 கன மீட்டர் என்று கணக்கு வரும். உருட்டிய பிறகு அது ஏறத்தாழ 2,250 கன மீட்டராக நிற்கலாம். அப்படியானால் இறுக்கிய அளவுக்குப் பேசிய விலையை லாரிக் கணக்குக்குக் கொடுப்பவர் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கிறார். சுருங்கும் அளவு மண்ணுக்கு மண், ஈரத்துக்கு ஈரம் மாறும். அதனால் புத்தகத்தில் உள்ள எண்ணை நம்பாமல், தொடக்கத்திலேயே எண்ணிய லாரி மண்ணை ஒரு துண்டு நிலத்தில் கொட்டி, உருட்டி, அளந்து பார்ப்பது நல்லது.

ஆனால் ரசீதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது மேல் எல்லை. தரையில் இருக்கும் கல் வந்த கல்லைவிட அதிகமாக இருக்க முடியாது. தரையில் அளந்தது ரசீதைவிட மிகக் குறைவாக இருந்தால் எங்கோ விளக்கம் தேவைப்படுகிறது. அளவைக்கு அடிப்படையாக அல்லாமல், அளந்ததைச் சோதிக்கும் கருவியாக வைத்துக்கொண்டால் ரசீது மிகவும் பயன்படும்.

மட்டம்: தடித்த அடுக்குக்கு நல்லது, ஆனால் முன்கூட்டியே வேண்டும்

மட்டம் எடுக்கும் வழி எளிமையானது. சாலையின் நீளத்தில் 20 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு என்று வைத்து, ஒவ்வொன்றிலும் நடுவிலும் இரு ஓரங்களிலும் உயரத்தைக் குறித்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் அதே இடங்களில் மறுபடியும் எடுப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளின் பரப்பைக் கூட்டி, இரண்டால் வகுத்து, இடைத் தூரத்தால் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். 800 மீட்டர் சாலைக்கு 41 குறுக்குவெட்டுகள். நில அளவையாளர் ஒருவரும் உதவியாளரும் இருந்தால் பெரிய வேலை அல்ல.

இதன் பலவீனம் ஒன்றுதான். காடு வெட்டுவதற்கு முன் தரை எப்படி இருந்தது என்பதை அன்றே எடுத்து வைத்திருக்க வேண்டும். மண் விழுந்த பிறகு பழைய தரை எங்கே இருந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பழைய செம்பனை வரிசைகளுக்கு நடுவே போகும் சாலை என்றால் வேரோடு அடிக்கட்டை பிடுங்கிய பள்ளங்களும் உண்டு. "பள்ளத்துக்கே இரண்டு லாரி போயிற்று" என்ற வாதம் பின்னால் வரும். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை, அடிக்கட்டை எடுத்துச் சுத்தம் செய்த பின் ஒரு தடவை மட்டம் எடுத்து, குத்தகையாளரும் சங்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வாதத்துக்கு இடமில்லை.

பந்திங் அடங்கிய கோல லங்காட் மாவட்டத்தின் கடற்கரைப் பக்கத்துத் தரைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே அடியில் கிடப்பது மென்மையான கடல் களிமண். ஒரு மீட்டர் உயரத்துக்குச் செம்மண் நிரப்பினால் அதன் எடையில் களிமண் நசுங்கி, நிரப்பு கீழே இறங்கும். மேல்மட்டத்திலிருந்து பழைய தரையின் மட்டத்தைக் கழித்தால், இறங்கிப் போன பகுதி கணக்கில் வராது. குத்தகையாளர் உண்மையிலேயே போட்ட மண்ணுக்கு நாம் பணம் மறுப்பதாக ஆகிவிடும். இதற்குத் தீர்வு, நிரப்புவதற்கு முன் பழைய தரைமேல் இரும்புத் தகடு ஒன்றை வைத்து, அதில் செங்குத்தாக ஒரு கம்பியை நிறுத்துவது. மண் ஏற ஏறக் கம்பியை நீட்டிக்கொண்டே வந்து, அதன் தலை எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் அடித்தரை இறங்கிய அளவு தெரியும். இறங்கிய மண்ணுக்கு யார் பணம் தருவது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் தகராறு நிச்சயம்.

இதே காரணத்தால் ஆதார மட்டக் குறியை எங்கே வைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். களிமண்ணில் அடித்த முளையை ஆதாரமாக வைத்தால் முளையும் சேர்ந்து இறங்கும். சாலை இறங்கவில்லை என்றே கணக்கு காட்டும். அடியில் ஆழமாகக் கம்பம் இறக்கிக் கட்டிய பாலத்தின் சுவர் போன்ற அசையாத இடத்தில்தான் குறி இருக்க வேண்டும்.

ட்ரோன்

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைத்து ஒழுங்காகச் செய்தாலும் ட்ரோன் படத்திலிருந்து வரும் உயரத்தில் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை பிழை இருக்கலாம். 800 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்றால் பரப்பு 4,800 சதுர மீட்டர். அதன்மேல் முழுக்க 5 சென்டிமீட்டர் ஒரே பக்கமாகத் தவறினால் 240 கன மீட்டர். நாம் தேடும் குறைபாடே அதைவிடச் சிறியதாக இருக்கும்போது அந்தக் கருவியால் பயனில்லை. பெரிய மண் குவியலை அளக்கவும், எந்தத் தேதியில் வேலை எதுவரை வந்திருந்தது என்று படமாக வைத்திருக்கவும் அது உதவும். பறக்கவிட மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி பற்றியும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கல் அடுக்கில் ஒரு கணக்கு

இப்போது ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன 800 மீட்டர் சாலை. இரண்டாம் கட்டம் கல் அடுக்கு: அகலம் 6 மீட்டர், உருட்டிய தடிமன் 200 மி.மீ. பெருக்கினால் 960 கன மீட்டர். எளிமைக்காக ஒரு கன மீட்டர் 100 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். குத்தகையாளர் 96,000 ரிங்கிட் கேட்கிறார். துணைக்கு 105 லாரி ரசீதுகள், சராசரி 20 டன், மொத்தம் 2,100 டன். கிரஷர் ரன் என்னும் கல்லும் கல்தூளும் கலந்த கலவை இறுக்கிய நிலையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.2 டன் என்று வகுத்தால் 955 கன மீட்டர். கோரிக்கையோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. மேசையில் உட்கார்ந்து தணிக்கை செய்பவர் இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மண் நிரப்பின் மேல்மட்டத்தை முதல் கட்ட முடிவில் யாரும் எடுத்து வைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பல இடங்களில் நிலைமை அதுதான். ஆக, மட்டத்தால் கல்லின் தடிமனைச் சொல்ல முடியாது. குழி தோண்டுவது ஒன்றுதான் வழி.

சாலையை நூறு நூறு மீட்டராக எட்டுத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த மீட்டரில், ஓரத்திலா நடுவிலா என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். "இங்கே தோண்டுங்கள் ஐயா, நிழலாக இருக்கிறது" என்று மேற்பார்வையாளர் அன்போடு காட்டும் இடத்தில் தோண்டக் கூடாது. குழியை வெறும் தடிமனுக்காக மட்டும் தோண்டாமல் மணல் நிரப்புச் சோதனையாகவே செய்வது சிறந்தது. குழியிலிருந்து எடுத்த கல்லை முழுவதும் எடை போடுகிறார்கள். பிறகு அடர்த்தி தெரிந்த காய்ந்த மணலை அந்தக் குழியில் நிரப்பி, எவ்வளவு மணல் போயிற்று என்பதிலிருந்து குழியின் கொள்ளளவைக் கண்டுபிடிக்கிறார்கள். எடையைக் கொள்ளளவால் வகுத்தால் அடர்த்தி. அளவு எடுத்து முடிந்ததும் அதே குழியை அடுக்கின் அடிவரை தோண்டினால் தடிமனும் அடித்தரையும் தெரிந்துவிடும்.

அடர்த்தி ஏன் வேண்டும் என்றால், சரியாக உருட்டாத கல் 200 மி.மீ. உயரத்தைக் காட்டும், உள்ளே கல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் இருக்கும். அளவுகோலுக்கு அது தெரியாது. நாளை லாரி ஓடும்போது சாலை அமுங்கித்தான் அது தெரியவரும். பொதுப்பணித் துறையின் சாலை விவரக்குறிப்பை ஒப்பந்தத்தில் இணைத்திருந்தால், எந்த அளவுக்கு இறுக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். இன்னொன்று, ரசீதில் இருப்பது ஈரத்தோடு கூடிய எடை. கிரஷர் ரன்னைத் தண்ணீர் தெளித்துத்தான் அனுப்புகிறார்கள், பரப்புகிறார்கள். ஆகவே ரசீதோடு ஒப்பிடும்போது குழியின் ஈர அடர்த்தியையும், விவரக்குறிப்போடு ஒப்பிடும்போது உலர் அடர்த்தியையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் பெருஞ்சாலைப் பக்கத்திலிருந்து உள்ளே போகப் போக எட்டுக் குழிகளின் தடிமன் இப்படி வருகிறது என்று வைப்போம்: 205, 196, 188, 170, 158, 152, 149, 158 மி.மீ. சராசரி 172. நாடாவில் அளந்த அகலம் சராசரி 5.8 மீட்டர். ஈர அடர்த்தி எதிர்பார்த்தபடி 2.2. அப்படியானால் தரையில் இருப்பது 800 × 5.8 × 0.172, அதாவது 798 கன மீட்டர். கோரிக்கையைவிட 162 கன மீட்டர் குறைவு. பணத்தில் 16,200 ரிங்கிட்.

சராசரியைவிட எனக்கு அந்த எண்களின் வரிசைதான் அதிகம் சொல்கிறது. வருவோர் போவோர் பார்க்கும் முன்பகுதியில் கல் முழுசாக இருக்கிறது. கார் போகாத உட்பகுதியில் மெலிந்துகொண்டே போகிறது. பரப்பும் இயந்திரம் தற்செயலாகத் தவறியிருந்தால் ஏற்ற இறக்கம் சாலை முழுக்கச் சிதறியிருக்கும். இப்படி ஒரே திசையில் சரியாது.

எட்டுக் குழி போதுமா என்று குத்தகையாளர் கேட்பார், கேட்பது நியாயம். இந்த எட்டு எண்கள் சிதறியிருக்கும் விதத்தைப் பார்த்தால், சராசரி சுமார் எட்டு மில்லிமீட்டர் இப்படியோ அப்படியோ தவறலாம். அதை இரு மடங்காக்கிச் சாதகமான பக்கமே தள்ளினாலும் 188-ஐத் தாண்டாது. 200 வரவில்லை என்ற முடிவு அசையாது. ஆனால் சரியாக 798 என்ற எண் அசையும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இன்னும் எட்டுக் குழி, இரு தரப்பும் நின்று பார்க்க, தோண்டலாம் என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

இப்போது ரசீதுக்குத் திரும்புவோம். தரையில் இருக்கும் 798 கன மீட்டர் எடையில் 1,756 டன். ரசீது 2,100. இடையில் 344 டன், ஏறத்தாழ 17 லாரி. "எல்லாம் களிமண்ணுக்குள் இறங்கிவிட்டது" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். அதைச் சோதிக்கக் குழியின் அடியைப் பார்த்தால் போதும். கல் உண்மையில் அமுங்கியிருந்தால், கல்லும் களிமண்ணும் பிசைந்த ஒரு சாம்பல் நிற அடுக்கு அடியில் தெரியும்; கல்லை எடுத்தால் ஈரக் களி ஒட்டிக்கொண்டு வரும். செம்மண்ணின் மேல் கல் சுத்தமாக உட்கார்ந்து, துடைப்பத்தால் பெருக்கியதும் சிவப்புத் தரை தட்டையாகத் தெரிந்தால், எதுவும் இறங்கவில்லை. நம் கணக்கில் ஏழு குழிகளின் அடி சிவப்பாகவும் தட்டையாகவும் இருக்கிறது. வடிகால் குழாய் குறுக்கே போகும் ஐந்தாவது குழியில் மட்டும் 60 மி.மீ. கலப்பு அடுக்கு. ஆக, சொன்ன காரணத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. 17 லாரிக்கு அது போதாது. அந்த ஓர் இடத்தைத் தனியாகக் குறித்துப் பொறியாளரிடம் விட வேண்டும். அங்கே முதல் கட்ட நிரப்பே பலவீனமாக இருந்ததா என்பது அவர் சொல்ல வேண்டிய முடிவு.

அடுத்து ரசீதுகளை நேர வரிசையில் அடுக்க வேண்டும். இதற்குப் பழைய கிராணிகளை மிஞ்ச ஆள் இல்லை. குவாரியிலிருந்து வேலையிடத்துக்கு ஒரு வழி நாற்பது நிமிடம் என்றால், ஒரே லாரி இரண்டு ரசீது வாங்க ஏற்றி இறக்கும் நேரத்தோடு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஒரே வண்டி எண்ணில் பன்னிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு ரசீது இருந்தால், இரண்டில் ஒன்று நம் சாலைக்கு வரவில்லை. ஒரே வண்டியின் வெற்று எடை ரசீதுக்கு ரசீது பெரிதாக மாறக் கூடாது. எண் வரிசையையும், அசல் தாளா நகலா என்பதையும் பார்க்க வேண்டும். வேலையிட வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம் இருந்தால் அதுதான் மிகச் சிறந்த சான்று. அதில் வண்டி எண்ணும் நேரமும் எழுதும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்துவதற்குச் செலவே இல்லை.

எல்லாக் குறையையும் ஏமாற்று என்று எழுதிவிடக் கூடாது. கல் திரும்பும் இடத்திலும் ஓரப் பாதையிலும் பரப்பப்பட்டிருக்கலாம். அவற்றையும் நாடா பிடித்து அளந்து, அவை அளவுப் பட்டியலில் இருக்கின்றனவா, யாராவது எழுத்தில் உத்தரவு கொடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். உத்தரவு இருந்தால் அந்த வேலைக்குத் தனியாகப் பணம் உண்டு. ஆனால் அதைச் சாலையின் தடிமனாக எழுதிக் கொடுக்க முடியாது.

குறைத்துக் கொடுப்பதா, நிறுத்துவதா

798 கன மீட்டருக்கு 79,800 ரிங்கிட் கொடுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 150 மி.மீ. கல்லின் மேல் தார் போட்ட சாலை, விலை குறைந்த நல்ல சாலை அல்ல. சீக்கிரம் உடையும் சாலை. விலைக் குறைப்பால் தடிமன் கூடாது. இடைக்காலக் கட்டணமாக உண்மையில் இருக்கும் அளவுக்குச் சான்றளிக்கலாம், அதுவும் மறு அளவை ஒப்பந்தமாக இருந்தால் மட்டும். ஆனால் கட்டம் முடிந்தது என்று எழுதக் கூடாது, தார் போட அனுமதியும் கூடாது. மொத்தத் தொகை ஒப்பந்தமாக இருந்து "முழுமையடைந்ததும்" என்று எழுதியிருந்தால், அந்தக் கட்டத்துக்குப் பணமே இன்னும் சேரவில்லை. எவ்வளவு விலகலை விவரக்குறிப்பு பொறுத்துக்கொள்கிறது என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே பார்த்து, முதல் மூன்று துண்டுகள் தேறுகின்றனவா என்று முடிவு செய்ய வேண்டும். பின் ஐந்து துண்டுகள் எப்படியும் தேறா.

திருத்தும் முறையையும் கவனிக்க வேண்டும். 40 மி.மீ. குறைவு என்றால் மேலே 40 மி.மீ. கல்லைத் தூவி உருட்டிவிட்டால் சரியாகாது. அவ்வளவு மெல்லிய கல் அடுக்கு கீழே உள்ளதோடு பிடிக்காமல் வழுக்கும். பழைய மேற்பரப்பைக் கிளறி, புதுக் கல்லைக் கலந்து, நீர் தெளித்து மறுபடி உருட்ட வேண்டும். பிறகு அந்தத் துண்டுகளில் மறுபடி குழி. அந்தச் செலவு நம்முடையதல்ல.

காலமும் முக்கியம். 2012-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழில் கட்டண, தீர்ப்புச் சட்டம் 2014 ஏப்ரல் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் எழுத்தில் கட்டணக் கோரிக்கை வந்தால் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும்: எவ்வளவை ஏற்கிறோம், எவ்வளவை மறுக்கிறோம், ஏன் மறுக்கிறோம் என்று. பதில் சொல்லாமல் இருந்தால் முழுக் கோரிக்கையையும் மறுத்ததாகக் கருதப்படும். அதனால் உரிமை போய்விடாது. ஆனால் குழி எண்களோடு நேரத்தில் போன பதில் தீர்ப்பாளர் முன் நிற்கும் விதமே வேறு. குழி தோண்ட ஆள் தேடுவதைக் கோரிக்கை வந்த பிறகு தொடங்கினால் 10 நாள் போதாது. ஆய்வுக்கூடத்தோடு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

தாருக்கு எது

தார் அடுக்கில் தேர்வு மாறுகிறது. மேல் அடுக்கு 40 மி.மீ.தான். மட்டம் எடுப்பதில் ஒவ்வொரு தடவையும் 5 மி.மீ. பிழை வந்தால், முன்னும் பின்னும் சேர்த்து 7 மி.மீ. வரை தவறலாம். 200 மி.மீ. கல்லில் அது சிறிய பிழை, 40 மி.மீ. தாரில் ஆறில் ஒரு பங்குக்கு மேல். ஆகவே தாரின் தடிமனை மட்டத்தால் அளப்பதில் பொருளில்லை. 100 மி.மீ. விட்டமுள்ள துளை மாதிரிதான் சரி. உருளையாக வெளிவரும் மாதிரியில் சுற்றிலும் நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தாலே கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் நடுவே கோடு தெரியும். லேசாக முறுக்கும்போதே இரண்டாகப் பிரிந்து, நடுவில் தூசு மட்டும் இருந்தால் இடையில் ஒட்டுத் தார் அடிக்கவில்லை அல்லது சேற்றின் மேல் அடித்திருக்கிறார்கள். ஒட்டுத் தார் அளவுப் பட்டியலில் தனி வரியாக இருந்தால் அந்த வரிக்கும் அங்கே பதில் கிடைத்துவிடுகிறது.

தாரில் ரசீதின் மதிப்பு கல்லைவிடக் கூடுதல். சூடான கலவையைக் குவித்து வைத்து நாளைக்கு விற்க முடியாது; ஆலையிலிருந்து கிளம்பிய சில மணி நேரத்தில் எங்காவது பரப்பியாக வேண்டும். நம் சாலைக்கு 4,800 சதுர மீட்டர், 40 மி.மீ., ஒரு கன மீட்டருக்கு 2.3 டன் என்றால் ஏறத்தாழ 442 டன் வர வேண்டும். பரப்பும் நாளில் குழுவில் ஒருவர் அங்கேயே நின்று, ஒவ்வொரு லாரி ரசீதிலும் வந்த நேரத்தையும், அது எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை பரப்பப்பட்டது என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், ரசீது வெறும் வாசல் சாட்சியாக நிற்காமல் இடத்தோடு கட்டுண்டுவிடுகிறது. 20 டன் லாரி ஒன்று 6 மீட்டர் அகலத்தில் 36 மீட்டர் நீளம் ஓட வேண்டும். 45 மீட்டர் ஓடினால் அடுக்கு 32 மி.மீ.தான் என்று அப்போதே தெரிந்துவிடும். பரப்பும் இயந்திரம் அடுத்த லாரிக்குக் காத்திருக்கும்போதே அதைச் சொல்லித் திருத்தலாம்.

சங்கத்துக்குப் பணம் குறைவு, எல்லா வழியையும் எடுக்க முடியாது என்றால் என் தேர்வு இது. காடு வெட்டுவதற்கு முன்பும் சுத்தம் செய்த பின்பும் நிரப்பு முடிவிலும் மட்டம், களிமண் என்றால் இறக்கத் தகட்டோடு. கல்லுக்கு மணல் நிரப்புக் குழி, சீட்டுக் குலுக்கிய இடங்களில். தாருக்கு நீள வாரியாகக் குறித்த ரசீதும் துளை மாதிரியும். மட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தை மட்டும் யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம். மற்றவற்றைப் பிறகும் தோண்டிப் பார்க்கலாம். பழைய தரையைப் பிறகு எடுக்க முடியாது.

அளவைத் தாளில் தேதி, மீட்டர் எண், நடு-ஓரம், தடிமன், அகலம், அடர்த்தி, குழியின் அடி எப்படி இருந்தது என்ற ஒரு வரி, இரு தரப்புக் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். குத்தகையாளர் வர மறுத்தால், எந்த நாளில் எத்தனை மணிக்கு அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு, பொறியாளர் முன்னிலையில் அளந்து, வரவில்லை என்பதையும் தாளிலேயே குறிக்க வேண்டும். கிளறித் திருத்திய கடைசி ஐந்து துண்டுகளிலும் புதிதாக எடுத்த தடிமன் அந்தத் தாளில் ஏறும்வரை தார் லாரிக்கு வாசல் திறக்கக் கூடாது.